செங்கல் புகைப்பாதையின் வெப்ப இழப்பு: சமவெப்பக் கோடு வரைந்தால் 12 வருகிறது, சூத்திரம் 10 என்கிறது. எது சரி?

சாட்ஸ்வர்த்_செல்வா
எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் இயந்திரவியல் டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெப்பக் கடத்தல் பாடத்தில் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள். சதுர வடிவச் செங்கல் புகைப்பாதை. உள்ளே 60 செ.மீ.க்கு 60 செ.மீ., வெளியே 120-க்கு 120. சுவர் எல்லாப் பக்கமும் 30 செ.மீ. தடிமன். உள்முகம் 350 டிகிரி, வெளிமுகம் 50 டிகிரி, செங்கலின் வெப்பக் கடத்துதிறன் 1. ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை வாட் வெளியேறும் என்று கேள்வி. கணினி கூடாதாம், ஃப்ளக்ஸ் பிளாட், அதாவது சமவெப்பக் கோடுகளும் வெப்ப ஓட்டக் கோடுகளும் சேர்ந்த படம், பென்சிலால் வரைய வேண்டுமாம்.

நான் எட்டில் ஒரு பங்கை மட்டும் எடுத்தேன், பக்கத்தின் நடுவிலிருந்து மூலைவிட்டம் வரை. சுவர்த் தடிமனை 12 செ.மீ. என்று வைத்து வரைந்தேன். உள்ளே இருக்கும் சதுரத்துக்கு இணையாக மூன்று சதுரங்களை 3 செ.மீ. இடைவெளியில் போட்டேன், அவைதான் சமவெப்பக் கோடுகள். மூன்றில் நடுவில் இருக்கும் சமவெப்பக் கோட்டில் 3 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தேன். அதன் நீளம் 18 செ.மீ., ஆக 6 தடங்கள். சுவரில் வெப்பநிலைப் படிகள் நான்கு, எனவே ஆறை நான்கால் வகுத்து எட்டால் பெருக்கினால் 12. அதை 300 டிகிரி வித்தியாசத்தால் பெருக்கினால் வெப்பம் 3600 வாட். நண்பனிடம் இருக்கும் சூத்திரத்தில் 10 சொச்சம் வருகிறது. எங்கே பிசகுகிறது?

ஜோபர்க்_கணேஷ்
தம்பி, 2026-லும் பென்சிலா? எக்செலைத் திற. ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றியுள்ள நாலு கட்டங்களின் சராசரியைப் போடு, உள்விளிம்பில் 1, வெளிவிளிம்பில் 0. தானே சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டு நின்றுவிடும்.

```
=(B1+B3+A2+C2)/4
```

திரும்பத் திரும்பக் கணக்கிடும் வசதியை அமைப்பில் திறந்துவிட மறக்காதே. சுவர்த் தடிமனுக்கு இரண்டு இடைவெளி வைத்து நான் இப்போதே போட்டுப் பார்த்தேன், 10.84 வந்தது. உன் 12 தப்பு, சூத்திரத்தின் 10-உம் தப்பு. விஷயம் முடிந்தது.

மாரிட்ஸ்பர்க்_மலர்
கணேஷ் அண்ணே, முடியவில்லை. அந்த 10.84-க்கு அப்புறம் வருகிறேன்.

செல்வா, உன் கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. படம்தான் சரியில்லை. உன் சமவெப்பக் கோடுகள் மூலைவிட்டத்தில் 90 டிகிரிக்கு மடங்குகின்றன. அப்படியானால் அவை மூலைவிட்டத்தை 45 டிகிரியில் தொடுகின்றன. ஆனால் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு. அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் வெப்பம் அதைத் தாண்டிப் போகாது, அதன் நெடுகவே போகும். எனவே அதுவும் ஒரு வெப்ப ஓட்டக் கோடு. ஓட்டக் கோட்டைச் சமவெப்பக் கோடு செங்குத்தாகத்தான் வெட்ட வேண்டும். உன் படத்தில் எல்லாத் தப்பும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனி. நீ வரைந்த மாதிரி சமவெப்பக் கோடுகள் எல்லாம் சதுரங்கள் என்று வைத்து முறையாகக் கணக்குப் போட்டாலே 8-ஐ ln 2-ஆல் வகுத்த 11.54 தான் வரும். இல்லாத ஒரு வடிவத்தைச் சமவெப்பக் கோடாகத் திணித்தால் விடை எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். மறுபக்கம், மூலைகளை மொத்தமாக மறந்துவிட்டு நாலு தட்டைச் சுவர் மட்டும் என்றால் 60-ஐ 30-ஆல் வகுத்து நாலால் பெருக்கினால் 8. அது கட்டாயம் குறைவு. ஆக உண்மை 8-க்கும் 11.54-க்கும் நடுவில். உன் 12 அந்த வேலிக்கே வெளியே நிற்கிறது. பென்சிலை எடுப்பதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

சாட்ஸ்வர்த்_செல்வா
அக்கா, மூலைவிட்டம் புரிந்தது. ஆனால் கோடு எங்கே வளைய ஆரம்பிக்கும், எவ்வளவு வளையும் என்று எப்படித் தெரியும்? கண்ணளவில் போடுவது என்றால் ஆளுக்கொரு விடை வருமே.

மாரிட்ஸ்பர்க்_மலர்
ஆளுக்கொரு படம் வரும். விடைகள் ஆச்சரியமாகக் கிட்டக் கிட்ட வரும். காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு ஓட்டக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் தடத்தில் வெப்பம் பக்கவாட்டில் தப்பாது. அந்தத் தடத்தில் ஒரு கட்டத்தை எடு. அகலம் கூடினால் வெப்பம் கூடும், நீளம் கூடினால் குறையும். அகலமும் நீளமும் சமமாக இருந்தால் கட்டம் பெரியதோ சிறியதோ, அதன் வழியாகப் போவது ஒரே அளவு: கடத்துதிறன் பெருக்கல் ஒரு படி வெப்பநிலை வித்தியாசம். அதனால்தான் எல்லாக் கட்டத்தையும் சதுரமாக வை என்கிறோம். சதுரமாக வைத்துவிட்டால் அளவுகோலே வேண்டாம், எண்ணினால் போதும்.

q = k × (M/N) × ΔT

M தடங்களின் எண்ணிக்கை, N வெப்பநிலைப் படிகள். நீ N-ஐ 4 என்று வைத்தது போதும். N முழு எண்ணாக இருக்கட்டும், M-இல் மிச்சம் விழட்டும். இரண்டையும் முழு எண்ணாக்க முயன்றால் படம் நாசமாகும்.

வரைவதைப் பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கு. அங்கே சுவர் ஏறக்குறைய தட்டைச் சுவர் மாதிரிதான், 3 செ.மீ. இடைவெளி சரி. மூலை நெருங்க நெருங்க உள்முகத்தின் மூலையில் கோடுகள் கூட்டம் கூடும். அங்கே செங்கல் 270 டிகிரி சுற்றிக்கொண்டு நிற்கிறது, ஒரு முனையிலிருந்து வெப்பம் விசிறி போல விரிய இடம் இருக்கிறது. வெளிமூலையில் நேர் எதிர். செங்கல் வெறும் 90 டிகிரிதான், அங்கே ஓட்டம் செத்துப்போகும். ஆகவே சமவெப்பக் கோடுகள் மூன்றும் மூலைவிட்டத்தில் உள்மூலையை ஒட்டித் தள்ளப்படும். மூலைவிட்டத்தின் சரிபாதியில் வெப்பநிலை பாதியாக இருக்காது, மொத்த வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். பாதி வெப்பநிலைக் கோடு அதைவிட நன்றாக உள்ளே தள்ளி நிற்க வேண்டும். உன் படத்தில் அது சரிபாதியில் நிற்கிறது இல்லையா?

கட்டம் சதுரமா என்று பார்க்க, உள்ளே ஒரு வட்டம் போட்டுப் பார், நாலு பக்கத்தையும் தொட வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகவும் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். சந்தேகமான கட்டத்தை நாலாக உடைத்தால் குட்டிகள் இன்னும் நல்ல சதுரமாக வர வேண்டும். உடைத்த பிறகு நீளமாகவே இருந்தால் கோடு தப்பு. பென்சிலைவிட அழிரப்பர்தான் அதிகம் தேயும், சொல்லிவிட்டேன்.

ஃபீனிக்ஸ்_வசந்தி
மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். எங்கள் வீட்டுக் கூரைக்குள் இருக்கும் கீசருக்குப் போர்வை சுற்றலாமா என்று தேடும்போது இந்த இழை வந்தது. மின்சாரம் நாலு மணி நேரம் நின்றால் தண்ணீர் எவ்வளவு ஆறும் என்று இப்படி வரைந்து கண்டுபிடிக்கலாமா? 150 லிட்டர் தொட்டி.

மாரிட்ஸ்பர்க்_மலர்
வசந்தி அம்மா, உருளைக்குள் உருளை என்றால் வரையவே தேவையில்லை. கோடுகள் எல்லாம் வட்டமும் ஆரமும்தான், நேரடிச் சூத்திரம் இருக்கிறது. அதுவுமில்லாமல் இந்த முறை நிலையான நிலைக்கு மட்டும், அதாவது வெப்பநிலை எங்கேயும் நேரத்தோடு மாறாத போது. தண்ணீர் ஆறிக்கொண்டே இருப்பது வேறு கணக்கு. போர்வை சுற்றுங்கள், தொட்டியிலிருந்து கிளம்பும் சூடான குழாயின் முதல் ஒரு மீட்டரையும் சேர்த்துச் சுற்றுங்கள்.

ஃபீனிக்ஸ்_வசந்தி
குழாயை யோசிக்கவே இல்லை. நன்றி மா.

ஜோபர்க்_கணேஷ்
என் 10.84-ஐ மறந்துவிட்டீர்களே. உள்ளே போகும் வெப்பமும் வெளியே வரும் வெப்பமும் என் தாளில் அச்சாக ஒத்துப்போகின்றன, எட்டில் ஒரு பங்குக்கு இரண்டு பக்கமும் 1.3556. இதற்கு மேல் என்ன சரிபார்ப்பு வேண்டும்?

மாரிட்ஸ்பர்க்_மலர்
உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போவது, உங்கள் சமன்பாடுகளைத் தப்பில்லாமல் தீர்த்திருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. அந்தச் சமன்பாடுகள் செங்கலை நன்றாகப் பிரதிபலிக்கின்றன என்பதற்குச் சாட்சி இல்லை. தடிமனுக்கு இரண்டே இடைவெளி வைத்தால் உள்மூலையைச் சுற்றி ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். வெப்பநிலை செங்குத்தாகச் சரியும் இடமே அதுதான். இடைவெளியைப் பாதியாக்கிப் பாருங்கள், எண் இறங்கும். இன்னொரு முறை பாதியாக்குங்கள், இன்னும் இறங்கும். இந்த 2-க்கு 1 வடிவத்துக்குக் கணிதவழியில் துல்லியமான மதிப்பே இருக்கிறது: 10.234. உங்கள் விடை 6 சதவீதம் கூடுதல்.

ஜோபர்க்_கணேஷ்
பாதியாக்கினேன். 10.5-க்குப் பக்கம் வந்து நிற்கிறது. இறங்குகிறது, சரி. ஆனாலும் நூறு இடைவெளி வைத்தால் உங்கள் பென்சிலைத் தோற்கடித்துவிடும் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_மலர்
நூறு வைத்தால் தோற்கடிக்கும், அதில் சண்டையே இல்லை. இரண்டு வைத்ததும் "விஷயம் முடிந்தது" என்றீர்களே, அங்கேதான் சண்டை. அப்புறம் செல்வாவின் நண்பனிடம் இருக்கும் சூத்திரம் எது என்று தெரியவில்லை. மூலை ஒன்றுக்கு 0.54 சேர்க்கும் வழி என்றால், 8-உம் நாலு தடவை 0.54-உம் சேர்த்து 10.16. அந்த 0.54 லாங்மியூரும் கூட்டாளிகளும் 1913-இல் உலைச்சுவர்களுக்குக் கொடுத்தது. பாடநூல்களில் மடக்கையோடு வரும் இன்னொரு சூத்திரம் இதே வடிவத்துக்கு 10.57 தரும். இரண்டுமே தோராயங்கள்தான். "சூத்திரம் சொல்கிறது" என்று யாராவது சொன்னால் எந்தச் சூத்திரம் என்று கேட்க வேண்டும்.

சாட்ஸ்வர்த்_செல்வா
மறுபடி வரைந்தேன். முதலில் உள்மூலைப் பக்கம் எல்லாக் கட்டமும் நீள்சதுரமாகவே வந்தது. பாதி வெப்பநிலைக் கோட்டை மூலைவிட்டத்தில் உள்ளே தள்ளியதும் மற்றது தானாக அடங்க ஆரம்பித்தது. முதல் மூன்று தடங்கள் ஏறக்குறைய 3 செ.மீ., நாலும் ஐந்தும் உள்முகத்தில் ஒடுங்கி வெளிமுகத்தில் அகலமாகின்றன. கடைசியில் மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு ஒல்லியான மிச்சம். அதன் அகலம் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் என்று பட்டது. M 5.2. விடை 10.4, அதாவது 3120 வாட்.

மாரிட்ஸ்பர்க்_மலர்
உண்மை 10.23. உன்னுடையது 2 சதவீதத்துக்கும் குறைவான பிழை, கணேஷ் அண்ணனின் முதல் எக்செலைவிட நல்ல விடை. அந்த மிச்சத் தடத்தை நான் பார்த்தால் பத்தில் ஒன்று என்றிருப்பேன். அது அவ்வளவு முக்கியம் இல்லை: மொத்தத்தில் 5 தடம் உறுதி, கண்ணளவு புகுவது கடைசிப் பொட்டில் மட்டும். ரிச்சர்ட்சன் 1908-இல் இப்படி வெறுங்கையால் கோடு வரையும் வழியைப் பற்றி எழுதியபோது கணினி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வேலைக்கு ஆகும் விடை கிடைத்தது இதனால்தான்.

தொங்காட்_பாய்லர்காரர்
பிள்ளைகளே, நான் கரும்பு ஆலையில் பாய்லர் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படம் எல்லாம் அழகாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. உள்ளே 350 இருக்கும்போது 30 செ.மீ. செங்கலுக்கு வெளியே 50 டிகிரி என்று யார் சொன்னது? நான் தொட்ட எந்தச் சுவரும் அப்படி இருந்ததில்லை. பக்கத்தின் நடுவில் கை வைத்தால் தோல் உரியும். மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் தாங்கும்.

சாட்ஸ்வர்த்_செல்வா
கேள்வித்தாளில் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள் ஐயா.

மாரிட்ஸ்பர்க்_மலர்
ஐயா கேட்டது சரியான கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம். தட்டைப் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு 300-ஐ 0.3-ஆல் வகுத்தால் 1000 வாட். அந்த 1000 வாட்டைச் சுவரிலிருந்து காற்று எடுத்துப் போக வேண்டும். காற்றோட்டமும் கதிர்வீச்சும் சேர்த்து ஒரு டிகிரிக்கு 10 வாட் என்று வைத்தால் சுவர் காற்றைவிட 100 டிகிரி சூடாக இருந்தாக வேண்டும். வெளிமுகம் 50 என்றால் காற்று மைனஸ் 50! டர்பனில் அது நடக்காது. கேள்வித்தாள் வரையப் பழக்குவதற்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

நிஜச் சுவருக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. காற்றின் தடையைச் செங்கலாக மாற்றிவிடுவது. கடத்துதிறன் 1, காற்றுக்கு 10 என்றால் 1-ஐ 10-ஆல் வகுத்து 0.1 மீட்டர். வெளியே 10 செ.மீ. கற்பனைச் செங்கல் ஒட்டி அதன் வெளிமுகத்தைக் காற்றின் வெப்பநிலையில் வைத்துப் படம் வரைய வேண்டும். இப்போது தடிமன் 40. மூலைக்கு 0.54 வழியில் 8.16 வருகிறது. உள்ளே 350, காற்று 30 என்றால் சுமார் 2600 வாட். சுவரின் நிஜ வெளிமுகம் பக்க நடுவில் 110 டிகிரி போல வரும், ஐயா சொன்ன தோல் உரியும் சூடு. மூலை அதைவிடக் குளிர்ச்சி. செல்வா வரைந்த படத்திலேயே வெளிமூலையை ஒட்டிய கடைசி மூன்று நாலு செ.மீ.யில் அந்த ஒல்லித் தடத்தின் வெப்பம் மட்டும்தானே வந்து சேர்கிறது.

ஜோபர்க்_கணேஷ்
அந்தக் கற்பனைச் செங்கல் மூலையிலும் ஒட்டிக்கொள்கிறதே? நிஜத்தில் மூலைக்கு வெளியே இருப்பது காற்று. அங்கே 10-க்கு 10 செ.மீ. கூடுதல் செங்கல் எங்கிருந்து வந்தது?

மாரிட்ஸ்பர்க்_மலர்
நல்ல பிடி. உண்மைதான், அந்த மூலைத் துண்டு நிஜத்தில் இல்லை. கற்பனை அடுக்குக்குள் பக்கவாட்டில் வெப்பம் நகர்வதும் நிஜத்தில் இல்லை. இல்லாத வழிகளைச் சேர்த்தால் வெப்பம் கூடத்தான் செய்யும், குறையாது. ஆகவே 2600 என்பது மேல் வரம்பு. நிஜம் அதைவிடக் கொஞ்சம் கீழே.

ஜோபர்க்_கணேஷ்
எவ்வளவு கீழே?

மாரிட்ஸ்பர்க்_மலர்
அதைப் பென்சில் சொல்லாது. வெளிமுகம் சமவெப்பக் கோடு இல்லை என்று ஆனதும் ஓட்டக் கோடுகள் அதைச் செங்குத்தாகத் தொட வேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது. அப்புறம் சதுரம் எண்ணும் வழி நிற்காது. உங்கள் எக்செலில் வெளிவிளிம்பு வரிசையின் சமன்பாட்டை மாற்றினால் வரும். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

தொங்காட்_பாய்லர்காரர்
அதோடு 10 என்பதும் நிலையானது இல்லை அம்மா. கடல்காற்று அடிக்கும் பக்கம் ஒரு மாதிரி, கட்டடத்தை ஒட்டிய பக்கம் ஒரு மாதிரி. மழை விழுந்த சுவரில் ஆவி பறக்கும். எட்டில் ஒரு பங்கை வரைந்து எட்டால் பெருக்கினால் நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

மாரிட்ஸ்பர்க்_மலர்
ஆமாம் ஐயா. பக்கங்கள் வேறுபட்டால் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு இல்லை, அதன் குறுக்கே வெப்பம் போகும். அப்போது முழுப்படமும் வரைய வேண்டும், மூலைவிட்டத்தில் செங்குத்து என்ற பிடிமானமும் கைவிட்டுப் போகும்.

சாட்ஸ்வர்த்_செல்வா
கடைசியாக ஒன்று. நாளைய வகுப்பில் உள்ளே நெருப்புச் செங்கல், வெளியே சாதாரணச் செங்கல் என்று இரண்டு அடுக்குக் கணக்கு வருமாம். அதே சதுரங்கள்தானா?

மாரிட்ஸ்பர்க்_மலர்
இரண்டிலும் சதுரம் வராது. ஒரு அடுக்கில் சதுரமாக வை. அதே தடத்தை, அதே வெப்பநிலைப் படியை அடுத்த அடுக்குக்குள் நீட்டினால் கட்டம் நீள்சதுரமாகும். அங்கே கடத்துதிறன் பாதி என்றால் கட்டம் ஓட்டத்தின் திசையில் அகலத்தில் பாதி நீளம்தான் இருக்க வேண்டும். சேருமிடத்தில் ஓட்டக் கோடு சாய்வாக வந்தால் ஒடியும், நேராகக் கடக்காது. பக்க நடுவில் இது தெரியாது, மூலைக்குப் பக்கத்தில் தெரியும். அடுக்குகளுக்கு நடுவே சாந்து விட்டுப்போய் இடைவெளி இருந்தால் இந்தப் படமும் ஏமாற்றும்.

தொங்காட்_பாய்லர்காரர்
விட்டுப்போகும். சூடேறி ஆறி ஏறி ஆறி, முதலில் விடுவது மூலைதான். படத்தில் அந்த விரிசலை எப்படி வரைவீர்கள் என்று யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஜோபர்க்_கணேஷ்
வெளிவிளிம்பை மாற்றி ஓட விட்டிருக்கிறேன், தடிமனுக்கு 20 இடைவெளி. எண் இன்னும் அடங்கவில்லை. நின்றதும் இங்கே போடுகிறேன்.